மாசியில் விற்கும் பச்சை நெல்லும் போன மாசியில் கைவிட்டுப்போன பசளையும்

பெரும்போக அறுவடைக் காலத்தில் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் ஒருமுறை போய்ப் பார்த்தால் இரண்டு விதமான நெல்லைக் காணலாம். ஒன்று வீதியோரத்தில் படங்கு விரித்துக் காய்கிற நெல். மற்றது வெட்டு மெசின் கொட்டிய கையோடு வயல் வரம்பிலேயே லொறியில் ஏறுகிற பச்சை நெல். ஒரே ஊர், ஒரே குளத்துத் தண்ணீர், பெரும்பாலும் ஒரே இன நெல். ஆனாலும் லொறியில் ஏறுகிற நெல்லுக்குக் கிடைக்கும் விலை குறைவு. கொஞ்சம் பொறுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்பது விற்கிறவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் விற்கிறார்.

இதைப் பார்த்துவிட்டு ‘எங்கட சனத்துக்குப் பொறுமை இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். பொருளியலில் இதற்கு நிகழ்காலச் சாய்வு என்று ஒரு பெயர் இருக்கிறது. நாளைய பெரிய நன்மையைவிட இன்றைய சிறிய நன்மை கனமாகத் தெரிவது என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அந்தச் சுருக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் அதுவும் பொறுமையின்மை என்கிற பழிக்குப் புதுப் பெயர்தான் ஆகும். உண்மையில் அந்தக் கருத்து சொல்வது இன்னும் நுட்பமான ஒன்றை. அதைச் சரியாகப் பிடித்தால்தான் வரம்பில் நடக்கிற வியாபாரத்தின் காரணம் விளங்கும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இரண்டு ஏக்கரில் 3,000 கிலோ பச்சை நெல், 20 வீத ஈரப்பதத்தோடு விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நெல் சந்தைப்படுத்தும் சபை நெல்லை வாங்குவதற்கு ஈரப்பதம் 14 வீதத்துக்குள் இருக்கவேண்டும். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த விலை நாட்டரிசி நெல்லுக்கு கிலோ 120 ரூபா. வரம்புக்கு வருகிற வியாபாரி பச்சை நெல்லுக்கு 95 ரூபா கேட்கிறார் என்போம். அவருக்கு விற்றால் 285,000 ரூபா அந்த இடத்திலேயே கையில் கிடைக்கும்.

காயவிட்டால் நிறை குறையும். 20 வீதத்திலிருந்து 14க்கு இறங்கும்போது நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு கிலோ தண்ணீராய்ப் போய்விடும். 3,000 கிலோ 2,790 ஆகும். நிறை போகிறதே என்று பலர் தயங்குவது இந்த இடத்தில்தான். ஆனால் 2,790 கிலோவை 120 ரூபாவுக்கு விற்றால் 334,800 ரூபா. நிறை குறைந்த பிறகும் வித்தியாசம் 49,800 ரூபா. இதற்குள் காயவைக்கிற ஆட்கூலி, சாக்கு, உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டுபோகிற செலவு என்று 18,000 போனாலும், இரண்டு கிழமைக்குள் கையில் மிஞ்சுவது 31,800 ரூபா. எந்த வங்கியும் இரண்டு கிழமைக்கு இப்படி வட்டி கொடுக்காது.

இதே கமக்காரரிடம் கார்த்திகையில், பயிர் பச்சையாக நிற்கும்போது, ‘இந்த முறை நெல்லை என்ன செய்யப்போறீங்கள்?’ என்று கேட்டுப்பாருங்கள். ‘காயவிட்டுத்தான் விக்கிறது, பச்சையாய்க் குடுத்தால் நட்டம்’ என்பார். மனதாரத்தான் சொல்கிறார். மாசியில் மெசின் கொட்டுகிற அன்று அவரே லொறிக்காரரைக் கூப்பிடுகிறார். விலை மாறவில்லை, ஈரப்பதம் மாறவில்லை, கணக்கும் மாறவில்லை. மாறியது ஒன்றுதான்: கார்த்திகையில் இரண்டு வழிகளும் தூரத்தில் இருந்தன, மாசியில் ஒன்று கைக்கெட்டிய தூரத்துக்கு வந்துவிட்டது.

நிகழ்காலச் சாய்வின் அடையாளம் இந்தப் புரட்டல்தான். எப்போது கேட்டாலும் ‘எனக்கு இன்றைய காசுதான் வேணும்’ என்கிறவர் வெறுமனே அவசரக்காரர், அவருடைய எண்ணத்தில் முரண் இல்லை. தூரத்திலிருந்து பார்க்கும்போது பொறுமையான வழியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கிட்டவந்ததும் அதே ஆள் மாறுவதுதான் இந்தச் சாய்வு. 1997இல் டேவிட் லெய்ப்சன் என்ற பொருளியலாளர் இதற்கு எளிமையான ஒரு வாய்பாட்டைப் பயன்படுத்தினார். இன்று நடப்பதற்கு மனதில் முழு நிறை. இன்றைக்குப் பிறகு நடப்பது எதுவானாலும், அது அடுத்த கிழமையோ அடுத்த வருடமோ, முதலில் ஒரே வெட்டாய் ஒரு பங்கு குறைகிறது. அதன்பிறகு தூரம் கூடக்கூடச் சிறிது சிறிதாகத்தான் குறைகிறது. இன்றைக்கும் நாளைக்கும் நடுவில்தான் பெரிய பள்ளம், நாளைக்கும் நாளன்றைக்கும் நடுவில் பெரிதாக ஒன்றும் இல்லை.

இங்கே ஒன்றைத் திருத்திக்கொள்ளவேண்டும். பள்ளம் காசுக்கு நடுவில் இருப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் காசு பெட்டிக்குள் கிடந்தால் அதனால் இன்பமும் இல்லை துன்பமும் இல்லை, செலவழிக்கும்போதுதான் இரண்டும். 2015இல் ஓகென்ப்ளிக், நீடெர்லே, ஸ்ப்ரெங்கர் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வில் கலிபோர்னியா மாணவர்களுக்குப் பல கிழமைகளுக்குப் பிரித்துச் செய்யவேண்டிய சலிப்பான வேலையைக் கொடுத்தார்கள். காசைப் பற்றிய தெரிவுகளில் இந்தச் சாய்வு பெரிதாகத் தெரியவில்லை. வேலையைப் பற்றிய தெரிவுகளில் தெளிவாகத் தெரிந்தது. முன்கூட்டிக் கேட்டபோது செய்வதாக ஒத்துக்கொண்ட அளவை, அந்த நாள் வந்ததும் குறைத்தார்கள்.

அப்படியானால் வரம்பில் நிற்கிற கமக்காரரின் மனதில் உண்மையில் கனக்கிறது எது? நெல் காயவிடுவதென்றால் என்னவென்று செய்தவர்களுக்குத் தெரியும். காலையில் பனி விட்ட பிறகு பரப்பவேண்டும், மத்தியானம் வரை திரும்பத் திரும்பக் கிளறவேண்டும், மாடும் ஆடும் வராமல் பார்க்கவேண்டும், பின்னேரம் குவித்து மூடவேண்டும், இரவு காவல் இருக்கவேண்டும். மாசியில் மழை இருட்டினால் எல்லோரும் ஓடவேண்டும். நாலைந்து நாளைக்கு இதே பாடு. ஆட்கூலி, சாக்கு, ஏற்றுகிற செலவு என்று முன்பு கணக்கிட்ட 18,000 ரூபாவோடு இந்தப் பாட்டையும் சேர்த்து 35,000 ரூபா பெறுமதியான சுமை என்று வைப்போம். நன்மை 49,800. கார்த்திகையிலிருந்து பார்க்கும்போது சுமையும் பிறகு, நன்மையும் பிறகு. இரண்டும் ஒரே அளவில் வெட்டுப்படுகின்றன, நன்மையே பெரிதாக நிற்கிறது. மாசியில் சுமை இன்றைக்கு, அதனால் முழு 35,000. நன்மை இரண்டு கிழமை தள்ளி. பிறகு வருகிற 100 ரூபா மனதில் 65 ரூபாவாக நிற்கிறதென்றால் 49,800 ரூபா 32,370 ஆகிவிடுகிறது. தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது. லொறி வருகிறது.

65 என்பது ஒரு உதாரண எண்தான். ஆளுக்கு ஆள் அது வேறுபடும், ஒரே ஆளுக்கே களைத்த நாளில் ஒன்று, ஆறுதலான நாளில் ஒன்று என்று இருக்கக்கூடும். சொல்லவந்தது, பிறகு வருகிற 100 ரூபா மனதில் 70 ரூபாவாகத் தெரிந்தாலே இந்த முடிவைப் புரட்டப் போதும் என்பதைத்தான்.

முந்திய காலத்தில் இந்தச் சோதனை இவ்வளவு கூர்மையாக வரவில்லை. அருவி வெட்டிய நெல் உப்பட்டியாக வயலிலேயே காய்ந்தது, பிறகு சூடு வைத்தார்கள், வசதிப்பட்ட நேரத்தில் சூடு மிதித்தார்கள். நெல் கையில் சேரும்போது பெரும்பாலும் காய்ந்தே இருந்தது. வியாபாரி வருவதற்கு முன்பே பாடு முடிந்துவிட்டது. வெட்டு மெசின் அந்த நாட்களையெல்லாம் ஒரு மணித்தியாலத்துக்குள் கொண்டுவந்தது. நல்ல விஷயம்தான், அந்த வேலையின் கொடுமை தெரிந்த எவரும் திரும்பப் போகச் சொல்லமாட்டார்கள். ஆனால் முழு விளைச்சலும் ஈரமாக ஒரே நேரத்தில் விழுகிறது, வாங்குகிறவரும் காசோடு பக்கத்தில் நிற்கிறார். முன்பு நாட்களால் பிரிந்திருந்த நெல்லும் பாடும் காசும் இப்போது ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

இதுவரை சொன்னது, அந்த இரண்டு கிழமையைக் கடத்துவதற்கு வேறு காசு கையில் இருக்கிற ஒருவரைப் பற்றி. வன்னியில் அப்படிப்பட்டவர் எத்தனை பேர் என்பதுதான் அடுத்த கேள்வி.

பலருக்கு மெசின்காரருக்கான கூலியை அன்றே கொடுக்கவேண்டும். பசளைக் கடையிலும் மருந்துக் கடையிலும் போகம் முழுக்க எழுதி வைத்த கணக்கு இருக்கும். சில இடங்களில் கடன் கொடுத்தவரே நெல்லை வாங்குகிறவர், ‘நெல்லை எனக்குத்தான் தரவேணும்’ என்ற பேச்சோடுதான் பசளை கொடுத்திருப்பார். கிழமைக் கடன் எடுத்த வீடென்றால் அடுத்த தவணை நாள் நெல் காய்வதற்காகப் பொறுக்காது. இவர்கள் பச்சை நெல் விற்பதை நிகழ்காலச் சாய்வு என்று சொல்வது பிழை, அநியாயமும்கூட. அவர்களுக்கு இரண்டு வழி இருக்கவே இல்லை. வேறுபடுத்திக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கார்த்திகையில் கேட்டாலே ‘பச்சையாய்த்தான் குடுக்கவேண்டி வரும், கடைக்காரருக்குக் காசு கட்டவேணும்’ என்று சொல்பவரிடம் புரட்டல் இல்லை. அவர் அன்றைக்கே தன் மாசியைச் சரியாகக் கணித்திருக்கிறார். காயவிடுவேன் என்று சொல்லி, தவணையோ கடனோ எதுவும் நெருக்காமலே மாறுபவரிடம்தான் சாய்வு இருக்கிறது.

ஆனால் முதலாமவரின் கதையை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பார்த்தால் ஆச்சரியமான ஒன்று தெரிகிறது. அவர் ஏன் பசளையைக் கடனுக்கு எடுத்தார்? ஐப்பசியில் கையில் காசு இல்லை. ஏன் இல்லை? முந்திய மாசியில் விற்ற நெல்லின் காசு பங்குனி, சித்திரைக்குள் கரைந்துவிட்டது. அப்போது காசு இருந்தது, அடுத்த பெரும்போகத்துக்குப் பசளை வேணும் என்பதும் தெரியும். ‘பிறகு வாங்கலாம்’ என்று இருந்ததுதான் நடந்தது. சாய்வு வேலை செய்த இடம் அது. நட்டம் வெளியில் தெரிந்தது ஒரு வருடம் கழித்து, வேறொரு இடத்தில், வேறொரு பெயரில். இந்த மாசியில் அவர் எடுக்கும் முடிவில் எந்தப் பிழையும் இல்லை. அறிவுரை சொல்ல வருகிறவர்கள் நிற்கிறது மட்டும் இந்த மாசி வரம்பில்.

இதே முடிச்சை மேற்குக் கென்யாவின் சோளக் கமக்காரரிடம் எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் க்ரெமர், ஜொனதன் ராபின்சன் ஆகிய மூவர் அவிழ்த்துப் பார்த்தார்கள். 2011இல் வெளிவந்த அந்த ஆய்வு இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கிற ஒன்று. பசளை போட்டால் இலாபம் என்பது அந்தக் கமக்காரருக்குத் தங்கள் காணியிலேயே செய்து காட்டப்பட்டிருந்தது. அடுத்த போகத்தில் போடுவீர்களா என்று கேட்டபோது கிட்டத்தட்ட எல்லோரும், நூற்றுக்கு 97க்கும் மேற்பட்டோர், போடுவோம் என்றார்கள். உண்மையில் போட்டவர்கள் நூற்றுக்கு 37 பேர் அளவில்தான். ஆய்வாளர்கள் செய்த மாற்றம் சிறியது. அறுவடை முடிந்த உடனே, கையில் காசு இருக்கும்போது, வீடு தேடிப்போய் அடுத்த போகத்துப் பசளைக்கான சீட்டை விற்றார்கள். விலையில் குறைப்பு இல்லை, கொண்டுவந்து தருவது மட்டும் இலவசம். பசளைப் பாவனை 47 முதல் 70 வீதம் வரை கூடியது. போகம் தொடங்கி, பசளை போடும் காலத்தில் பாதி விலைக்கே கொடுத்தபோதுகூட அந்த அளவுக்குக் கூடவில்லை.

அரைவாசி விலை செய்யாததை ஒரு இலவச வண்டிப் பயணம் செய்தது எப்படி? காசு கையில் இருக்கிற வேளையும் பசளையை முடிவுசெய்கிற வேளையும் ஒன்றாக வந்தன. ‘பிறகு’ என்று தள்ளுவதற்குக் காரணமாக இருந்த சின்னப் பாடு, கடைத்தெருவுக்குப் போய்வருகிற அலைச்சல், அகற்றப்பட்டது. காயவிடுகிற கதையில் கண்டதுபோல இங்கேயும் மனதைத் தடுத்தது பெரும்பாலும் விலையைவிட இன்றைய அலைச்சல்தான்.

எங்கள் பக்கம் மானியம் இதற்கு நேர்மாறான நேரத்தில் வருகிறது. பெரும்போக நெல்லுக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபா பசளை மானியம் வங்கிக் கணக்கில் விழுவதாக 2024இல் அறிவிக்கப்பட்டது. விதைப்புக் காலத்தில் வருகிற காசு அது. வரத் தாமதித்தால் பயிர் பொறுத்திருக்காது, கமக்காரர் கடைக்குப் போய்க் கணக்கில் எழுதிவிடுவார். பிறகு மானியம் வந்தாலும் அந்தக் கணக்கு மாசிவரை தொடர்கிறது.

வன்னிச் சனம் தங்களுடைய இந்தப் பலவீனத்தை அறியாதவர்கள் என்று நினைக்கக்கூடாது. பொருளியலாளர்கள் தன் சாய்வை அறிந்தவர், அறியாதவர் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். அறிந்தவர் தன் கையைத் தானே கட்டிக்கொள்ள வழி தேடுவார். விதைநெல்லைத் தனியாகக் கட்டி, சாப்பாட்டு நெல்லோடு சேரவிடாமல் வைப்பது அப்படியொரு வழி. பெண்கள் சேர்ந்து பிடிக்கிற சீட்டு இன்னொன்று. சீட்டுக் காசைக் கட்டாமல் விட்டால் பக்கத்து வீட்டு அக்காவின் முகத்தில் முழிக்கமுடியாது, அந்த வெட்கம்தான் கட்டு. அறுவடைக் காசு கைக்கு வந்ததும் ஒரு சோடி காப்பு வாங்கிவிடுவது மூன்றாவது. நகை ஆசை என்று அதை இளக்காரமாகச் சொல்கிறார்கள். காசாக வைத்திருந்தால் கரையும், காப்பாக இருந்தால் கரையாது என்று தெரிந்துதான் அந்த அம்மா வாங்குகிறார். ஐப்பசியில் அதே காப்பை அடைவு வைத்துப் பசளை வாங்குகிறார்கள். செய்கூலி, சேதாரம், அடைவு வட்டி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் விலை அதிகமான கட்டுத்தான். ஆனாலும் பசளைக் கணக்கின் பெயரால் நெல்லைப் பச்சையாகக் கொடுப்பதைவிட அது மலிவாக இருக்கக்கூடும்.

காசையும் நெல்லையும் இன்றே கைமாற்றிவிடத் தூண்டுகிற இன்னொரு காரணம் இருக்கிறது, அதைச் சாய்வு என்று சொல்ல எனக்கு மனம் வராது. 2013இல் செலெஸ்ட் கிட் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 28 சிறுபிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பாதிப் பிள்ளைகளுக்கு முதலில் நல்ல வண்ணக்குச்சிகள் கொண்டுவருகிறேன் என்று சொல்லி, சொன்னபடி கொண்டுவந்தார்கள். மற்றப் பாதிக்குச் சொன்னார்கள், வெறுங்கையோடு திரும்பினார்கள். அதற்குப் பிறகுதான் மேசையில் ஒரு இனிப்பை வைத்து, பொறுத்தால் இரண்டு தருவோம் என்றார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாற்றப்பட்ட பிள்ளைகள் மூன்று நிமிடம். அந்தப் பிள்ளைகள் அவசரப்படவில்லை, அறிந்துகொண்டதை வைத்துச் சரியாக முடிவெடுத்தார்கள்.

2009இல் வீட்டையும் நெல்லையும் மாட்டையும் விட்டு ஓடிய சனம் இது. போரின் இறுதிக் காலத்தில் தமிழீழ வைப்பகத்தில் அடைவு வைத்த நகை பலருக்குத் திரும்பவில்லை. 2021இல் ஒரே அறிவிப்பில் இரசாயனப் பசளை இறக்குமதி நின்றது, அந்த வருடம் முடிவதற்குள் தடை விலக்கப்பட்டபோதும் போகம் கெட்டுவிட்டது. நெல் சந்தைப்படுத்தும் சபை கொள்வனவைத் தொடங்க நாள் தள்ளினால், காய்ந்த நெல்லும் கடைசியில் அதே வியாபாரியிடம்தான் போகும், அப்போது பேரம்பேச வலு இருக்காது. ‘பிறகு’ என்று சொன்னவர்கள் பிறகு வரவில்லை என்பதைப் படித்தவர்கள், 120 ரூபா என்ற அறிவிப்பை 120 ரூபா என்று எண்ணமாட்டார்கள். பத்தில் மூன்று தடவை சபை நேரத்துக்கு வராது என்று ஒருவர் நினைத்தால் அவருக்கு அந்தக் கணக்கே வேறு. அவரிடம் போய்ப் பொறுமை பற்றிப் பேசிப் பயனில்லை. கொள்வனவு தொடங்கும் திகதியை அறிவித்து, அந்தத் திகதியில் களஞ்சியக் கதவைத் திறந்தால் போதும், அவர் தானாகவே காயவிடுவார்.

சாய்வு உள்ளவருக்கு வேண்டியது வேறு. பெரும்போகத்துக்கு முன்னர் கமக்கார அமைப்புகளும் அதிகாரிகளும் கூடுகிற பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்புத் திகதியும் கால்நடை கட்டும் திகதியும் முடிவாகின்றன. தூரத்திலிருந்து எல்லோரும் தெளிவாக யோசிக்கிற நேரம் அது. உலர்த்தும் தளமும் படங்கும் ஆட்களும் எந்த வயலுக்கு எந்த நாள் என்பதை அந்தக் கூட்டத்திலேயே பதிந்து, ஒரு சிறு முற்பணத்தையும் வாங்கிவிட்டால், மாசியில் பாடு அரைவாசி முடிந்த பாடாக இருக்கும். அடுத்த போகத்துப் பசளைக்கான சீட்டை நெல் விற்ற காசு கைக்கு வருகிற இடத்திலேயே விற்கலாம். யூரியாவை வீட்டில் மாதக்கணக்கில் வைத்தால் ஈரம் பிடித்துக் கட்டியாகிவிடும் என்பதால், பொருளை இப்போதே கொடுக்காமல் சீட்டைக் கொடுத்து ஐப்பசியில் கொண்டுபோய் இறக்குவதுதான் பொருத்தம்.

இதற்கும் எல்லை உண்டு. கட்டு இறுக்கமாக இருந்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாளில் அந்தக் காசு கைக்கு வராது, அப்போது அந்த வீடு கிழமைக் கடனுக்குத்தான் போகும். ஆகவே சீட்டைத் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்க ஒரு வழி வைக்கவேண்டும், ஆனால் அது மூன்று நாளாவது எடுக்கவேண்டும். காய்ச்சல்காரர் அந்த மூன்று நாளைக்குக் கைமாற்று வாங்கிச் சமாளிப்பார். புதுத் தொலைபேசி வாங்க நினைத்தவர்களில் பலர் மூன்றாம் நாள் வரமாட்டார்கள். சீட்டை விற்கிறவர் யார் என்பதும் முக்கியம். ஐப்பசியில் பசளையை இறக்கத் தவறினால் அடுத்த மாசியில் ஒருவரும் வாங்கமாட்டார்கள், அதற்கடுத்த மாசியிலும் வாங்கமாட்டார்கள். அதனால் முதல் வருடம் ஒரு வயல் கண்டத்தில், இறக்கித் தருவது நிச்சயம் என்ற அளவுக்கு மட்டும் சீட்டு விற்கவேண்டும்.